பூவா தலையா நடை வீடு திரும்புமா? நாலு வழிகளில் எதை எடுப்பது?

எண்கோட்டில் 0 என்ற புள்ளியில் நிற்கிறீர்கள். கையில் ஒரு நாணயம். பூ விழுந்தால் வலப்பக்கம் ஓர் அடி, தலை விழுந்தால் இடப்பக்கம் ஓர் அடி. மறுபடி சுண்டுகிறீர்கள், மறுபடி ஓர் அடி. இப்படியே போய்க்கொண்டிருந்தால் என்றாவது ஒரு நாள் 0-வுக்குத் திரும்பி வருவீர்களா? வருவீர்கள் என்றால், அதற்குச் சராசரியாக எத்தனை அடி பிடிக்கும்?

விடைகளில் ரகசியம் ஒன்றும் இல்லை. திரும்புவதற்கான நிகழ்தகவு சரியாக 1. ஆனால் திரும்பும் வரையான சராசரிக் காத்திருப்பு முடிவிலி. கட்டாயம் வருவார், ஆனால் எப்போது என்று சராசரி சொல்ல முடியாது. எளிய சமவாய்ப்பு நடையைப் படிக்கிற யாரும் முதலில் இந்த இரண்டையும் பார்த்து முகம் சுளிக்கத்தான் செய்வார்கள்.

எனக்கு வருகிற கேள்விகள் விடையைப் பற்றியவை அல்ல, வழியைப் பற்றியவை. செமினாரில் இருபது நிமிடம் கிடைத்திருக்கும் ஒரு முதுகலை மாணவி, அடுத்த வாரம் இரு பரிமாண நடைக்குப் போக வேண்டிய ஒரு கல்லூரி ஆசிரியர், கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு “எனக்குச் சராசரி 16 வருகிறது, நண்பனுக்கு 8.6 வருகிறது, யார் சரி?” என்று குழம்பி நிற்கும் ஒரு நிரலாளர். மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆகவே நாலு வழிகளையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல்: இரண்டு கேள்விகளுக்கும் பதில் தருகிறதா, இல்லை ஒன்றுக்கு மட்டுமா? “திரும்புமா” என்பதும் “எவ்வளவு நேரம்” என்பதும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றை நிறுவிவிட்டு மற்றதையும் நிறுவியதாக நினைத்துக்கொள்வதுதான் தேர்வுத் தாள்களில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு.

இரண்டாவது: படிப்பவருக்கு முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மூன்றாவது: கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் வழி தாங்குமா? நாணயம் கோணலாக இருந்தால்? கோட்டுக்குப் பதில் தெருக்கட்டத்தில் நடந்தால்?

நாலாவது, எனக்கு முக்கியமானது: எந்த இடத்தில் சத்தம் போடாமல் தப்பான விடையைத் தரும்? ஒரு வழி உடைந்தால் அது உடைந்தது என்று தெரிய வேண்டும். தெரியாமல் உடைவதைத்தான் ஒளிந்த செலவு என்கிறேன்.

| வழி | திரும்புமா? | எவ்வளவு நேரம்? | முன்னறிவு | ஒளிந்த செலவு |
|---|---|---|---|---|
| முதலடிச் சமன்பாடு | ஆம், மூன்று வரியில் | சராசரி முடிவிலி என்று மட்டும் | இருபடிச் சமன்பாடு | கோணல் நாணயத்தில் இரண்டு மூலங்கள் |
| வருகைகளைக் கூட்டுவது | ஆம் | மறைமுகமாக | ஈருறுப்புக் கெழு, விரியும் தொடர் | குறிப்பிட்ட கணத்தில் 0-வில் இருக்கும் வாய்ப்பு சிறியதாவதைத் தப்பாகப் படிப்பது |
| உருவாக்கும் சார்பு | ஆம் | முழுப் பரவலும் | அடுக்குத் தொடர், வகைக்கெழு | உள்ளுணர்வு கிடைக்காது |
| கணினி ஓட்டம் | நிறுவாது | எல்லையைப் பொறுத்த எண் | பத்து வரி நிரல் | எல்லையே விடையைத் தீர்மானிக்கிறது |

## வழி 1: முதலடிச் சமன்பாடு

1-ல் நிற்கும் ஒருவர் என்றாவது 0-வை அடையும் நிகழ்தகவை a என்போம். அடுத்த அடியில் பாதி வாய்ப்பில் அவர் 0-வுக்கே வந்துவிடுவார். மீதிப் பாதி வாய்ப்பில் 2-க்குப் போவார். 2-லிருந்து 0-வுக்கு வர வேண்டுமானால் நடுவில் 1-ஐத் தொட்டே ஆக வேண்டும், ஏனென்றால் ஓர் அடிக்கு மேல் தாண்ட முடியாது. 2-லிருந்து 1-க்கு வரும் நிகழ்தகவும் அதே a. அங்கிருந்து 0-வுக்கு வருவது இன்னொரு a. ஆக,

`a = 1/2 + (1/2)·a²`

இதை மாற்றி எழுதினால் `(a − 1)² = 0`. எனவே a = 1, வேறு விடைக்கு இடமே இல்லை. இடப்பக்கத்துக்கும் இதே கதைதான் என்பதால் 0-விலிருந்து எந்தப் பக்கம் போனாலும் திரும்புவது உறுதி. முடிந்தது.

நேரத்துக்கும் அதே உத்தி. 1-லிருந்து 0-வை அடையச் சராசரியாக m அடி என்று வையுங்கள். ஓர் அடி எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு அப்புறம் பாதி வாய்ப்பில் வேலை முடிந்தது, பாதி வாய்ப்பில் இரண்டு படி இறங்க வேண்டும், அதாவது 2m. ஆக `m = 1 + (1/2)·2m`, அதாவது `m = 1 + m`. எந்த முடிவுள்ள எண்ணும் தன்னைவிட ஒன்று பெரியதாக இருக்க முடியாது. எனவே m முடிவிலி.

கரும்பலகையில் இதை எழுதி முடித்ததும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும். பிறகு யாராவது “இது ஏதோ ஏமாற்று வேலை மாதிரி இருக்கே, சார்” என்பார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. விடை சரி, ஆனால் ஏன் அப்படி என்பது சமன்பாட்டில் தெரிவதில்லை. அதற்கு இரண்டு பக்கமும் சுவர் வைத்துப் பார்க்க வேண்டும்.

+N-லும் −N-லும் ஆளுக்கொரு சுவர். 0-விலிருந்து கிளம்பி, மறுபடி 0-வையோ ஏதாவது ஒரு சுவரையோ தொட்டவுடன் ஆட்டம் முடிகிறது. சூதாடியின் திவால் கணக்கு என்று பாடப்புத்தகங்களில் வருவதுதான் இது. சுவருக்கு முன் 0-வைத் தொடும் நிகழ்தகவு `1 − 1/N`. ஆட்டம் முடிய ஆகும் சராசரி அடிகள் சரியாக N.

N = 100 என்று போடுங்கள். நூறு பேரில் 99 பேர் சுவரைப் பார்க்காமலே திரும்புகிறார்கள், சராசரி நேரம் 100 அடி. சுவரை 1000-க்குத் தள்ளுங்கள். இப்போது ஆயிரத்தில் ஒருவர்தான் தவறுகிறார், ஆனால் சராசரி நேரம் 1000 அடி. தவறும் வாய்ப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டுமானால் பத்து மடங்கு நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. சுவரை முடிவிலிக்குத் தள்ளும்போது தவறும் வாய்ப்பு பூஜ்ஜியமாகிறது, நேரம் முடிவிலியாகிறது. இரண்டு விடைகளும் ஒரே பேரத்தின் இரண்டு பக்கங்கள்.

இன்னொரு விவரம். N = 100 ஆட்டத்தில் சுவரைத் தொடும் அந்த ஒரு சதவீதத்தினர் அங்கே போய்ச் சேர எடுத்துக்கொள்வது சராசரியாக 3,334 அடி. நூறு பேரில் ஒருவர், ஆனால் மொத்தச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு அவருடைய கணக்கில். பெரும்பாலோர் சட்டென்று திரும்பிவிடுகிறார்கள், அரிதாகச் சிலர் சராசரியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

சரி, ஒளிந்த செலவு எங்கே? நாணயத்தைக் கொஞ்சம் கோணலாக்குங்கள். வலப்பக்கம் போகும் நிகழ்தகவு 0.6, இடப்பக்கம் 0.4. இப்போது சமன்பாடு `a = 0.4 + 0.6·a²`. இதற்கு இரண்டு மூலங்கள்: 1, 2/3. எதை எடுப்பது? சமன்பாடு வாய் திறக்காது. பழக்க தோஷத்தில் 1-ஐ எடுத்துவிட்டால் தப்பு. “n அடிக்குள் 0-வை அடையும் நிகழ்தகவு” என்று எடுத்துக்கொண்டு, n = 0-வில் பூஜ்ஜியத்தில் தொடங்கி அது ஏறிக்கொண்டே போவதையும், சின்ன மூலத்தைத் தாண்ட முடியாது என்பதையும் காட்டினால்தான் 2/3 என்று உறுதியாகும். அப்படியானால் 0-வுக்குத் திரும்பும் நிகழ்தகவு `0.6 × 2/3 + 0.4 × 1 = 0.8`.

நேரச் சமன்பாடோ இன்னும் மோசம். 0.6-க்கு `m = 1 + 1.2m`, அதாவது m = −5. மைனஸ் ஐந்து அடியில் யாரும் எங்கும் போய்ச் சேர முடியாது. இங்கே உடைந்தது கண்ணுக்குத் தெரிகிறது என்பது ஒரு நல்ல விஷயம். மாறாக 0.4-ஐ வலப்பக்கத்துக்குக் கொடுத்தால் m = 5 வரும், அது சரியான விடையும்கூட. ஆனால் “m முடிவுள்ளது” என்று தனியாகக் காட்டாதவரை அந்த 5-ஐ நம்ப உரிமை இல்லை. m முடிவிலி என்பதும் அதே சமன்பாட்டுக்குப் பொருந்திப்போகிறதே.

இன்னொரு வரம்பும் உண்டு. இரண்டு இரண்டு படியாகத் தாண்டி இறங்க அனுமதித்தால் “1-ஐத் தொட்டே ஆக வேண்டும்” என்ற வாதம் விழுந்துவிடும். இரு பரிமாணத்துக்கும் இந்த வழி அப்படியே வராது, அங்கே சுற்றிக்கொண்டு போகலாம்.

ஒரு பரிமாணம், சமமான நாணயம், குறைந்த நேரம் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது.

## வழி 2: வருகைகளைக் கூட்டுவது

ஜார்ஜ் போல்யா 1921-ல் தெருக்கட்டத்தில் அலையும் நடையைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வேரூன்றிய வழி இது. ஜூரிச்சில் அவர் தனியாக உலாவப் போகும்போது, ஒரு மாணவரையும் அவருக்கு நிச்சயமான பெண்ணையும் திரும்பத் திரும்ப எதிர்கொள்ள நேர்ந்ததாம். தான் வேண்டுமென்றே பின்தொடர்வதாக நினைத்திருப்பார்களோ என்ற கூச்சத்தில்தான் இந்தக் கேள்வி பிறந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இங்கே முதல் வருகையைத் தேடுவதில்லை, எல்லா வருகைகளையும் எண்ணுகிறோம். ஒற்றைப்படை அடிகளில் 0-வில் இருக்கவே முடியாது. 2n-ஆவது அடியில் 0-வில் இருக்க வேண்டுமானால் n பூ, n தலை விழுந்திருக்க வேண்டும்:

`u(2n) = C(2n, n) / 4^n`

1/2, 3/8, 5/16, 35/128 என்று போகும். n பெரிதாகும்போது ஏறத்தாழ `1/√(πn)`.

முதல் திரும்புகைக்கான நிகழ்தகவு f என்றால், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கதை புதிதாகத் தொடங்குகிறது. எனவே தொடக்கத்தையும் சேர்த்து, 0-வில் இருக்கும் தடவைகளின் சராசரி எண்ணிக்கை `1 + f + f² + …`, அதாவது `1/(1 − f)`. இதையே இன்னொரு விதமாகக் கூட்டினால் u(0) + u(2) + u(4) + … . இந்தத் தொடர் விரிந்தால் f கட்டாயம் 1. ஒருங்கினால் f ஒன்றைவிடக் குறைவு.

விரிகிறது என்று காட்ட எல்லோரும் உடனே ஸ்டர்லிங் தோராயத்தை எடுப்பார்கள். ஒரு பரிமாணத்துக்கு அது தேவையே இல்லை. C(2n, k) என்ற 2n+1 எண்களின் கூட்டுத்தொகை 4^n. அவற்றில் பெரியது நடு எண். பெரியது சராசரிக்குக் கீழே போக முடியாது, எனவே `u(2n) ≥ 1/(2n+1)`. 1/3 + 1/5 + 1/7 + … விரியும் தொடர் என்பது பள்ளி முடித்தவருக்கே தெரியும். அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. இரு பரிமாணத்துக்குப் போனால், கட்டத்தை 45 பாகை திருப்பிப் பார்க்கும்போது அது இரண்டு தனித்தனி ஒரு பரிமாண நடைகளாகப் பிரியும். அங்கே வேண்டியது u(2n)-இன் வர்க்கம். நமது மலிவான கீழெல்லையை வர்க்கப்படுத்தினால் `1/(2n+1)²`, அதன் கூட்டுத்தொகை ஒருங்கிவிடும், ஒன்றும் நிரூபணமாகாது. அங்கே ஸ்டர்லிங் தோராயமோ `u(2n) ≥ 1/(2√n)` என்ற கூர்மையான எல்லையோ வேண்டும். அதன் வர்க்கம் 1/(4n), அது விரியும். ஆக, இரு பரிமாணத்திலும் நடை திரும்பும். மூன்று பரிமாணத்தில் உறுப்புகள் n-இன் 3/2 அடுக்குக்கு ஏற்பச் சிறியதாவதால் தொடர் ஒருங்குகிறது, திரும்பும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.34-தான். இந்த வழியின் பெரிய பலம் இதுதான்: பரிமாணம் மாறினாலும் வாதத்தின் எலும்புக்கூடு மாறாது.

நேரத்துக்கு வருவோம். முதல் m ஜோடி அடிகள் வரை கூட்டினால் அழகான ஒரு வடிவம் கிடைக்கும்:

`u(0) + u(2) + … + u(2m) = (2m+1)·u(2m)`

இதில் தொடக்கத்தைக் கழித்துவிட்டால், 100 அடிகளில் சராசரியாக 7 திரும்புகைகள். 10,000 அடிகளில் சுமார் 79. பத்து லட்சம் அடிகளில் சுமார் 797. நடையை நூறு மடங்கு நீட்டினால் வருகைகள் பத்து மடங்குதான் கூடுகின்றன. இரண்டு வருகைகளுக்கு நடுவே சராசரி இடைவெளி ஒரு முடிவுள்ள எண்ணாக இருந்திருந்தால், நூறு மடங்கு நேரத்தில் நூறு மடங்கு வருகைகள் வந்திருக்க வேண்டும். வரவில்லை, எனவே சராசரி இடைவெளி முடிவிலி. இந்தக் கடைசித் தாவலுக்குப் புதுப்பிப்புத் தேற்றம் தேவை, அது இந்த வழியின் கூடுதல் செலவு.

ஒளிந்த செலவு வேறு இடத்தில் இருக்கிறது. u(2n) பூஜ்ஜியத்தை நோக்கிப் போவதைப் பார்த்துவிட்டு “எனவே நடை நாளடைவில் திரும்பாது” என்று எழுதுபவர்கள் ஏராளம். u(2n) சொல்வது அந்தக் குறிப்பிட்ட கணத்தில் 0-வில் இருப்பதைப் பற்றி மட்டுமே. இன்றிரவு எட்டு மணிக்கு அவர் வீட்டில் இருக்கும் வாய்ப்பு குறைவு என்பதால் அவர் வீட்டுக்கே வரமாட்டார் என்றாகிவிடாது. இதன் மறுபக்கத் தவறும் உண்டு. “வருகைகளின் சராசரி முடிவிலி, எனவே திரும்புவது உறுதி” என்று நேராகத் தாவுவார்கள். பொதுவாக அது செல்லாது. சராசரி முடிவிலியாக இருந்தும் பாதி வாய்ப்பில் ஒரு முறைகூட நிகழாத விஷயங்களை உருவாக்கலாம். இங்கே செல்வது ஒவ்வொரு திரும்புகைக்குப் பின்னும் கதை புதிதாகத் தொடங்குவதால்தான். அந்த வரியை விட்டுவிட்டால் மதிப்பெண் போவது நியாயம்.

## வழி 3: உருவாக்கும் சார்பு

வகுப்பில் ஜெனரேட்டிங் ஃபங்ஷன் என்றே சொல்லிப் பழகியிருப்பீர்கள். u(2n)-களை x^(2n)-களோடு பெருக்கிக் கூட்டினால் `U(x) = 1/√(1 − x²)`. முதல் திரும்புகை 2n-ஆவது அடியில் நிகழும் நிகழ்தகவுகளை அதேபோல் தொகுத்தால் F(x). 0-வில் இருக்கும் எந்தக் கணத்தையும் “முதல் திரும்புகை, அதன்பின் மீதி” என்று பிரிக்கலாம் என்பதால் `U = 1 + F·U`. ஆக,

`F(x) = 1 − √(1 − x²)`

x = 1 போட்டால் 1, திரும்புவது உறுதி. வகைக்கெழு `x/√(1 − x²)`, x = 1-ஐ நெருங்கும்போது முடிவிலி, எனவே சராசரி நேரம் முடிவிலி. ஒரே சார்பில் இரண்டு விடைகளும் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த வழியை எடுக்க உண்மையான காரணம் அதுவல்ல. F-ஐ விரித்தால் 1/2, 1/8, 1/16, 5/128 என்று முதல் திரும்புகையின் முழுப் பரவலும் கிடைக்கிறது. (1/8 சரிதானா என்று கையால் பார்க்கலாம்: நாலு அடியில் முதல்முறையாகத் திரும்ப வலம்-வலம்-இடம்-இடம், அதன் பிம்பம், இரண்டே பாதைகள், 16-ல் 2.) எல்லாவற்றையும்விட அழகான விளைவு இது: 2n அடிகளாகியும் இன்னும் திரும்பாதிருக்கும் நிகழ்தகவு, சரியாக u(2n)-க்கே சமம். 2n-ஆவது அடியில் 0-வில் இருப்பதும், அதுவரை 0-வையே தொடாமல் இருப்பதும் ஒரே வாய்ப்புள்ளவை.

இதை வைத்துத்தான் “எவ்வளவு நேரம்” என்ற கேள்விக்குப் பயனுள்ள பதில் சொல்ல முடியும். பாதி நடைகள் இரண்டே அடியில் திரும்பிவிடுகின்றன. எட்டு அடிக்குள் கிட்டத்தட்ட 73% திரும்பிவிடும். நூறு அடியாகியும் வராதவை 8%. பத்தாயிரம் அடியாகியும் வராதவை 0.8%. பத்து லட்சம் அடியாகியும் வராதவை 0.08%. வினாடிக்கு ஓர் அடி என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சம் அடி என்பது பதினொன்றரை நாள். அதற்கடுத்த நிலை, பத்துக் கோடி அடி, மூன்று வருஷத்துக்கு மேல், அப்போதும் லட்சத்தில் எட்டுப் பேர் வெளியில்தான் அலைந்துகொண்டிருப்பார்கள். சராசரி முடிவிலி என்பதற்கு இந்த மெதுவான தேய்வுதான் பொருள்.

கோணல் நாணயமும் இங்கே தொல்லை தருவதில்லை. வலம் p, இடம் q என்றால் `F(x) = 1 − √(1 − 4pq·x²)`. x = 1-ல் `1 − |p − q|`. 0.6-க்கு 0.8, முன்பு மூலங்களோடு மல்லுக்கட்டி வாங்கிய அதே எண். எந்த மூலம் என்ற கேள்வியே எழவில்லை. p = 0.51 என்றால் திரும்பும் வாய்ப்பு 0.98, திரும்புபவர்களின் சராசரி நேரம் 51 அடி. நாணயம் ஒரு சதவீதம் சாய்ந்தாலே முடிவிலி 51-ஆகச் சுருங்கிவிடுகிறது, கூடவே நூற்றில் இரண்டு பேர் நிரந்தரமாகக் காணாமல் போகிறார்கள்.

செலவு? −1/2 அடுக்குக்கான ஈருறுப்புத் தொடர் தெரிந்திருக்க வேண்டும். x = 1 என்ற விளிம்பில் மதிப்பிட ஏபெல் தேற்றத்தைச் சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை. அப்புறம், பார்ப்பவர்களுக்கு ஒரு படம்கூட மனதில் நிற்காது. சுவர் வைத்த கதையைக் கேட்டவருக்கு ஏன் என்று புரிந்திருக்கும். F(x)-ஐப் பார்த்தவருக்கு ஆம் என்று மட்டும் தெரிந்திருக்கும். மூன்று பரிமாணத்தில் U-வுக்கு இப்படி எளிய வர்க்கமூல வடிவமும் கிடைக்காது.

## வழி 4: கணினியில் ஓட்டிப் பார்ப்பது

```python
import random

def return_time(limit):
    x = 0
    for t in range(1, limit + 1):
        x += random.choice((-1, 1))
        if x == 0:
            return t
    return None
```

இந்த நிரலில் தப்பு ஏதுமில்லை. `limit` என்ற ஒரு சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. திரும்பாத நடையை எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்.

முதலில் சொன்ன நிரலாளரும் அவருடைய நண்பரும் இருவருமே 100 அடியில் நிறுத்தியிருந்தார்கள். ஒருவர், திரும்பாத நடைகளுக்கு 100 என்று போட்டுச் சராசரி எடுத்தார். அந்தக் கணக்கின் சரியான மதிப்பு `4m·u(2m)`, இங்கே m = 50, அதாவது 15.9. மற்றவர் திரும்பாதவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பியவற்றுக்கு மட்டும் சராசரி எடுத்தார். அது 8.65. இருவருடைய நிரலும் சரி. இருவரும் அளந்தது நடையை அல்ல, தங்கள் எல்லையை.

எல்லையை 10,000 ஆக்கினால் முதல்வருக்கு 160, இரண்டாமவருக்கு 80. பத்து லட்சம் ஆக்கினால் 1,596, 799. எண் நிலைபெறவே பெறாது. எல்லையை நூறு மடங்காக்கினால் விடை பத்து மடங்காகும். கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடிக்க இதுவே வழி: எல்லையை இரண்டு மூன்று முறை மாற்றி ஓட்டுங்கள். சராசரி கூடவே ஏறிக்கொண்டு போனால் அந்தச் சராசரிக்கு அர்த்தமில்லை.

எல்லையே வைக்காமல் விட்டால்? ஆயிரம் நடைகளை ஓட்டினால் அவற்றில் பத்து லட்சம் அடியைத் தாண்டுபவை சராசரியாக 0.8. அதாவது ஒன்று மாட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைவிட விசித்திரம், அதிகம் ஓட்டினால் சராசரி துல்லியமாகும் என்ற நமது வழக்கமான நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது. ஆயிரம் நடைகளின் சராசரி பெரும்பாலும் இரண்டாயிரத்துச் சொச்சத்தை ஒட்டிய அளவில் இருக்கும். பத்தாயிரம் நடைகளை ஓட்டினால் அது இருபதாயிரத்துச் சொச்சத்தை ஒட்டிய அளவுக்குப் போய்விடும். ஓட்டங்களைக் கூட்டக் கூட விடையும் அதே விகிதத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

“திரும்புமா” என்ற கேள்விக்கும் இது தீர்ப்புச் சொல்லாது. 1,000 அடியில் நிறுத்தினால் சமமான நாணயத்தின் நடைகளில் 97.5% மட்டுமே திரும்பியிருக்கும். 0.51 சாய்வுள்ள நாணயமோ காலமெல்லாம் ஓடவிட்டாலும் 98%-க்கு மேல் திரும்பாது. திரையில் 97 என்று ஒரு எண்ணைப் பார்த்து எது எது என்று யாரால் சொல்ல முடியும்?

அப்படியானால் இது எதற்கு? கையால் கணக்கிட்டதைச் சரிபார்க்க. 1/2, 1/8, 1/16 வருகிறதா, நூறு அடியில் 8% மிஞ்சுகிறதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. சூத்திரமே இல்லாத விசித்திர நடைகளுக்கும் இதுதான் முதல் துணை.

## யாருக்கு எது?

செமினார் மாணவிக்கு: வழி 1. முதல் ஐந்து நிமிடத்தில் `(a − 1)² = 0`, `m = 1 + m` இரண்டையும் எழுதிவிடுங்கள். மீதிப் பதினைந்து நிமிடத்தைச் சுவர்களுக்குக் கொடுங்கள், N = 100, N = 1000 எண்களோடு. வழிகாட்டி “கோணல் நாணயம் என்றால்?” என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். 0.6-க்கான இரண்டு மூலங்களையும், ஏன் சின்னது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

ஆசிரியருக்கு: அடுத்த வாரம் இரு பரிமாணம் என்றால் வழி 2-ஐத் தவிர வேறு எதை எடுத்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இந்த வாரமே `1/(2n+1)` என்ற மலிவான எல்லையைக் காட்டிவிட்டு, “இதை வர்க்கப்படுத்தினால் என்னவாகும்?” என்று வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுங்கள். ஸ்டர்லிங் ஏன் தேவை என்பதை மாணவர்களே வந்து சொல்வார்கள். நேரம் இருந்தால் வழி 3-லிருந்து u(2n) சமத்துவத்தை மட்டும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

நிரலாளருக்கு: 16-உம் வேண்டாம், 8.6-உம் வேண்டாம், சராசரியையே விட்டுவிடுங்கள். 100, 10,000, 10,00,000 ஆகிய மூன்று இடங்களில் இன்னும் திரும்பாதவை எத்தனை சதவீதம் என்று மட்டும் குறியுங்கள். 8, 0.8, 0.08 வந்தால் நிரல் சரி. இரண்டு அச்சுகளிலும் மடக்கை அளவு வைத்து வரைந்தால் புள்ளிகள் −1/2 சாய்வுள்ள நேர்கோட்டில் விழும். கடைசி இரண்டு புள்ளிகளும் கோட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டு 2% பக்கமாகவே நின்றுவிட்டால், நடையைக் குறை சொல்லாதீர்கள், `random.choice` இருந்த இடத்தில் யாரோ 0.51 என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.